மேல்வீட்டுத் தண்ணீர்: சங்கத்துக்கு ஒரு கடிதம், காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம்

மும்பை செம்பூரில் ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, 2025 பிப்ரவரி 9ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மேல்வீட்டிலிருந்து இறங்கிய தண்ணீரால் கணிசமான சேதம் ஏற்பட்டது. அந்த வீட்டின் உரிமையாளர் முதலில் எழுதிய கடிதம் பயன்படவில்லை. அதே செய்தியைப் பிரித்து எழுதிய இரண்டு கடிதங்கள் பயன்பட்டன. பொதுக் காப்பீட்டுத் துறையில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அந்தக் கடிதங்களைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை முழுமையாக இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் கடிதம் ஒரே தாளில் குடியிருப்போரின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கச் செயலாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. அதன் முக்கிய வாக்கியம் இது: “மேல்வீட்டிலிருந்து பல மாதங்களாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது, பலமுறை வாய்மொழியாகச் சொல்லியும் பயனில்லாமல், இப்போது எங்கள் சமையலறையும் ஹாலும் முற்றிலும் பாழாகிவிட்டன.” மனக்குறையைச் சொல்ல இந்த வாக்கியம் போதும். ஆனால் இதைப் படித்த செயலாளர், இது இரண்டு உறுப்பினர்களுக்கு இடையிலான விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதினார். காப்பீட்டு நிறுவனமோ, மெதுவாக நடந்த கசிவு பாலிசியில் சொல்லப்பட்ட ஆபத்துகளில் அடங்காது என்று மின்னஞ்சல் அனுப்பியது. எழுதப்பட்டதை மட்டும் வைத்துப் பார்த்தால் இருவருக்கும் அப்படிச் சொல்ல இடம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வீட்டை நேரில் பார்த்தபோதுதான் அங்கே நடந்திருப்பது ஒன்றல்ல, இரண்டு நிகழ்வுகள் என்பது தெரிந்தது. குளியலறையின் மேற்கூரையில் காப்பி நிறத்தில் வளையத்துக்குள் வளையமாகக் கறை படிந்திருந்தது. ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, விரலால் தொட்டால் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஈரம் ஏறுவதும் காய்வதுமாகப் பல சுழற்சிகள் நடந்தால்தான் இப்படி வளையங்கள் உண்டாகும். ஒரே இரவில் இறங்கிய தண்ணீரால் அது நடக்காது. சமையலறையில் நிலைமை வேறு. அங்கே ஃபால்ஸ் சீலிங் பலகை நடுவில் தொய்ந்து ஒரு மூலையில் உடைந்து விழுந்திருந்தது. அதற்கு மேலே தெரிந்த கான்கிரீட் தளத்தில் உப்போ பழைய கறையோ இல்லை. கீழ் அலமாரிகளின் பிளைவுட் தரையிலிருந்து ஏறக்குறைய நான்கு விரல் உயரம் வரை மட்டும் உப்பியிருந்தது. தேங்கி நின்ற தண்ணீர் மட்டத்தின் அடையாளம் அது.

காரணமும் அன்று அதிகாலையிலேயே தெரிந்திருந்தது. மேல்வீட்டுச் சமையலறையில் ஆர்.ஓ. குடிநீர்க் கருவிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. வாடகைக்கு இருப்பவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். மாடித் தொட்டியின் அழுத்தத்தில் தண்ணீர் இரவில் நெடுநேரம் ஓடியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எழுந்து காவலாளியை அழைக்க, அவர் அந்த வரிசைக்கான வால்வை மொட்டைமாடியில் மூடியிருக்கிறார். சங்கத்தின் காவல் பதிவேடான பாரா புத்தகத்தில் அந்த நேரம் 2.40 என்று காவலாளியின் கையெழுத்தில் பதிவாகியிருந்தது. இந்த வழக்கில் மிகவும் மதிப்புள்ள ஆதாரம் அந்த ஒரு வரிதான். வீட்டுக்காரர் எடுத்த புகைப்படங்களை அவருக்குச் சாதகமாக எடுத்தவை என்று யாரும் சொல்லலாம். சங்கத்தின் புத்தகத்தில், சங்கத்தின் ஊழியர், நிகழ்வு நடந்தபோதே எழுதியதை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

காலமும் உதவியது. பிப்ரவரியில் மும்பையில் மழை இல்லை. ஆகவே வெளிச்சுவர் வழியாக இறங்கிய மழைநீர் என்ற வாதத்துக்கு இடமே இல்லை. ஜூலையில் இது நடந்திருந்தால் அந்தக் கேள்விக்கே பல வாரங்கள் போயிருக்கும்.

எது எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. மேல்வீட்டில் யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொட்டு நிற்காமல் விழுந்தால் அது அழுத்தத்தில் இருக்கும் நீர்வரத்துக் குழாய். வால்வை மூடினால் சிறிது நேரத்தில் குறையும். குளித்தபோதும் துவைத்தபோதும் மட்டும் ஈரம் கூடினால் அது கழிவுநீர் இணைப்பு அல்லது தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு. குளியலறைச் சந்தேகத்தை உறுதி செய்ய, மேல்வீட்டுக் குளியலறையில் மும்பையில் நஹானி ட்ராப் என்று சொல்லும் தரை வடிகாலை அடைத்து, ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர் நிறுத்தி, குறைந்தது ஒரு முழு நாள் விட்டுக் கீழே பார்ப்பார்கள். தண்ணீர் நிறுத்தியபோது கீழே எதுவும் தெரியாமல், அடைப்பை எடுத்துவிட்ட பிறகு சாயம் தெரிந்தால், கோளாறு தரையில் இல்லை, ட்ராப்பின் இணைப்பில் இருக்கிறது. பிளம்பர் தரையை உடைப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது அவசியம். உடைத்த பிறகு காரணத்தை நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

இந்தப் பிரிவினை தெளிவானதும் கடிதங்கள் இரண்டாயின. சங்கத்துக்கான கடிதத்தின் உள்ளடக்கம் இப்படி அமைந்தது:

“மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

மூன்றாம் மாடியில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிச் சேதங்கள் உள்ளன. முதலாவது, 9-2-2025 அதிகாலையில் எங்களுக்கு நேர் மேலே உள்ள வீட்டின் சமையலறையில் குடிநீர்க் கருவியின் குழாய் கழன்றதால் ஏற்பட்டது, வால்வை 2.40 மணிக்கு மூடியதாகச் சங்கத்தின் பாரா புத்தகத்தில் பதிவு உள்ளது, அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலைத் தருமாறு வேண்டுகிறோம். இரண்டாவது, எங்கள் குளியலறை மேற்கூரையில் சில மாதங்களாகக் காணப்படும் ஈரம். இதன் காரணம் இன்னும் உறுதி செய்யப்படவில்லை. ஆகவே சங்கத்தின் துணை விதிகளின்படி, முன்னறிவிப்புக் கொடுத்து, செயலாளரும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரும் மேல்வீட்டைப் பார்வையிட்டு, குளியலறைத் தரையில் தண்ணீர் நிறுத்திச் சோதனை செய்ய ஏற்பாடு செய்யுமாறும், அதன் முடிவை இரு வீட்டாரும் கையெழுத்திடும் குறிப்பாகப் பதிவு செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். கோளாறு பொதுக் குழாயில் இருந்தால் அதைச் சங்கமும், வீட்டின் உட்புறத்தில் இருந்தால் அந்த வீட்டின் உரிமையாளரும் சரிசெய்ய வேண்டியிருப்பதால், முதலில் காரணத்தை உறுதி செய்வதே எங்கள் வேண்டுகோள். மேல்வீட்டில் வாடகைதாரர் இருப்பதால், இக்கடிதத்தின் நகலை உரிமையாளரின் பதிவு செய்யப்பட்ட முகவரிக்கும் அனுப்பியுள்ளோம். கட்டிடத்துக்குச் சங்கம் காப்பீடு எடுத்திருந்தால் அதன் விவரத்தையும் தெரிவிக்கவும்.”

இந்தக் கடிதத்தில் பணம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் 2014 மாதிரித் துணை விதிகளைப் பின்பற்றும் சங்கங்களில், மழைநீராலும் வெளிப்புறப் பொதுக் குழாய்களாலும் ஏற்படும் கசிவைச் சரிசெய்வது சங்கத்தின் செலவு. கழிவறை, சிங்க் போன்றவற்றிலிருந்து வரும் உட்புறக் கசிவு சம்பந்தப்பட்ட உறுப்பினர்களின் செலவு. எனவே இழப்பீட்டுக் கோரிக்கையோடு வரும் கடிதத்துக்கு ‘எங்கள் பொறுப்பில்லை’ என்று பதில் எழுதுவது சங்கத்துக்குச் சுலபம். பார்வையிடச் சொல்லும் கடிதத்துக்கு அப்படிப் பதில் எழுத முடியாது. உறுப்பினர் வீட்டுக்குள் சென்று பழுதைப் பார்க்கும் உரிமை சங்கத்துக்குத்தான் இருக்கிறது, கீழ்வீட்டுக்காரருக்கு இல்லை. அந்தக் கதவைத் திறக்கும் சாவியைச் சங்கத்திடம் கேட்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை. புகாரை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் எடுத்து முடிவு செய்து, அதன்பின் 15 நாட்களுக்குள் உறுப்பினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதனால்தான் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் சங்கத்தின் முத்திரையும் தேதியும் வாங்கச் சொன்னேன். முத்திரை இல்லாத நகலை வைத்துக்கொண்டு அந்த 15 நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதே பிறகு தகராறாகிவிடும்.

வாடகைதாரரிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பது இத்தகைய வழக்குகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அவர் நல்லவராக இருப்பார், வருத்தமும் தெரிவிப்பார். ஆனால் சங்கத்தின் உறுப்பினர் அவர் அல்ல. தரையை உடைக்கச் சம்மதம் தரவும் அவரால் முடியாது.

காப்பீட்டு நிறுவனத்துக்கான கடிதம் வேறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்திடம் இருந்தது பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசி. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீடுகளுக்காக எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கும் பாலிசி இது. நெருப்பு, வெள்ளம், நிலநடுக்கம் என்று அது பட்டியலிடும் ஆபத்துகளில் ‘தண்ணீர்த் தொட்டிகள், சாதனங்கள், குழாய்கள் வெடிப்பதும் நிரம்பி வழிவதும்’ ஒன்று. அந்தக் குழாய் காப்பீடு எடுத்தவரின் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும் என்று அந்த வரியில் நிபந்தனை இல்லை. ஆகவே நிறுவனம் அறிய விரும்புவது, பட்டியலில் உள்ள நிகழ்வு நடந்ததா, எப்போது நடந்தது, அதனால் எவை சேதமாயின என்பதையே. மேல்வீட்டுக்காரர் எத்தனை முறை அலட்சியம் செய்தார் என்பது அந்தக் கேள்விக்கு விடையாகாது.

“எங்கள் பாலிசியின் கீழ் இழப்பைத் தெரிவிக்கிறோம். 9-2-2025 அதிகாலையில் மேல்மாடி வீட்டின் குடிநீர்க் கருவிக்குச் செல்லும் குழாய் கழன்று வெளியேறிய தண்ணீர் எங்கள் சமையலறையிலும் அதை ஒட்டிய ஹாலிலும் இறங்கியது. சேதமான பொருள்களின் பட்டியலும், புகைப்படங்களும், பாரா புத்தக நகலும், பிளம்பரின் குறிப்பும் இணைக்கப்பட்டுள்ளன. எங்கள் குளியலறை மேற்கூரையில் ஏற்கெனவே உள்ள ஈரம் இந்த நிகழ்வுடன் தொடர்பில்லாதது. அதற்காக இந்தக் கோரிக்கையில் எதுவும் சேர்க்கப்படவில்லை. மேலும் சேதம் ஏற்படாமல் தண்ணீரை அகற்றி, மின் இணைப்பைத் துண்டித்துள்ளோம். சேதமான பலகைகளையும் அலமாரிகளையும் சர்வேயர் பார்க்கும்வரை அகற்றாமல் வைத்துள்ளோம். முன்பு எங்களுக்கு வந்த உங்கள் மின்னஞ்சல், இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாகக் குறிப்பிட்ட கடிதத்தின் அடிப்படையிலானது என்பதால் மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.”

குளியலறை பற்றிய வாக்கியத்தை விட்டுவிடலாமே என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார். விடக்கூடாது என்று நான் உறுதியாகச் சொன்னேன். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கறையைப் பார்க்கத்தான் போகிறார். நாமே முன்கூட்டிச் சொன்னால் அது தனி நிகழ்வு. அவராகக் கண்டுபிடித்தால் சமையலறைச் சேதமும் பழையதுதான் என்ற சந்தேகம் முழுக் கோரிக்கையையும் தொற்றிக்கொள்ளும். அதுவும் முதல் கடிதத்தில் ‘பல மாதங்களாக’ என்று எழுதியாகிவிட்ட நிலையில், அந்தச் சொல் எதைக் குறித்தது என்று நேர்மையாக விளக்குவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

பட்டியலில் ஃபால்ஸ் சீலிங்குக்கு 13,200 ரூபாய், பெயின்டிங்குக்கு 17,920, சமையலறை அலமாரிகளுக்கு 46,000, மின்வேலைக்கு 6,500, ஹாலில் இருந்த தொலைக்காட்சிக்கு 38,000 என்று மொத்தம் 1,21,620 ரூபாய் கேட்கப்பட்டது. சுவரோடும் தரையோடும் நிரந்தரமாகப் பொருத்திய அலமாரி கட்டிடக் காப்பீட்டில் வரும், தொலைக்காட்சி வீட்டுப் பொருள்களில் வரும். இந்த இரண்டையும் தனித்தனியே காட்டியது சர்வேயரின் வேலையை எளிதாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் சதுர அடியும் ஒரு சதுர அடிக்கான விலையும் எழுதப்பட்டிருந்தன. ‘பெயின்டிங் செலவு மொத்தமாக’ என்று வரும் மதிப்பீட்டில் எதைக் குறைப்பது என்று தெரியாமல் சர்வேயர் பாதியாகக் குறைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சர்வேயர் 640 சதுர அடிப் பெயின்டிங்கில், தண்ணீர் படாத சுவர்களைக் கழித்து 420 சதுர அடிக்கு, சதுர அடி 28 ரூபாய் வீதம் 11,760 ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சியைப் பழுதுபார்க்க முடியும் என்று சர்வீஸ் மையம் எழுதிக் கொடுத்ததால் புதியதன் விலைக்குப் பதில் 14,000 ரூபாய் அனுமதித்தார். மற்றவை கேட்டபடியே கிடைத்தன. உடைந்த பொருள்களின் மீதி மதிப்பாக 1,500 ரூபாய் கழித்து, 89,960 ரூபாய் வழங்கப் பரிந்துரைத்தார். பெயின்டிங்கைப் பொறுத்தவரை எனக்கு முழு உடன்பாடில்லை. ஹாலின் ஒரு சுவரை மட்டும் புதிதாகப் பூசினால் நிறம் ஒட்டாது என்பது எந்தப் பெயின்டருக்கும் தெரியும். ஆனால் பாலிசி சேதத்தை ஈடுகட்டுகிறதே தவிர, நிறப்பொருத்தத்துக்குப் பொறுப்பேற்பதில்லை என்ற அவருடைய வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை.

இதற்கிடையில்தான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கக்கூடிய கட்டம் வந்தது. சங்கத்துக்கான கடிதத்தின் நகல் கிடைத்த மேல்வீட்டு உரிமையாளர் புனேயிலிருந்து நேரில் வந்தார். நல்ல முறையிலேயே பேசினார். 40,000 ரூபாய் தருவதாகவும், ‘இந்தக் கசிவு தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். கையில் வரும் பணம், அண்டை வீட்டோடு சமாதானம் என்று வீட்டுக்காரருக்கு அது பொருத்தமாகவே பட்டது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்திட்டால் காப்பீட்டுக் கோரிக்கை ஆட்டம் காணும். இழப்பை ஈடுகட்டிய காப்பீட்டு நிறுவனம், சேதத்துக்குப் பொறுப்பானவரிடமிருந்து அந்தத் தொகையைக் கேட்டு வாங்கும் உரிமையைப் பெறுகிறது. காப்பீடு எடுத்தவரிடம் என்ன உரிமை இருந்ததோ அதுவே நிறுவனத்துக்குக் கைமாறும், அதற்கு மேல் எதுவும் கிடைக்காது. எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்து அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் நிறுவனத்துக்குக் கைமாற ஒன்றும் இருக்காது. தன் உரிமையைக் கெடுத்தார் என்ற காரணத்தால் பணம் தர மறுக்கவும் அதற்கு வழி பிறக்கும். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் பெறவும் முடியாது. 40,000 ரூபாயைப் பெற்றதும் அது காப்பீட்டுத் தொகையில் கழிக்கப்படும்.

ஆகவே மேல்வீட்டு உரிமையாளரிடம் ஒரு மாற்று வாசகம் முன்வைக்கப்பட்டது. குளியலறை மேற்கூரையைச் சரிசெய்யும் செலவுக்காக மட்டும் 18,000 ரூபாயும், காப்பீட்டில் வராத பெயின்டிங் வித்தியாசமான 6,160 ரூபாயும் பெறப்படுகிறது என்றும், 9-2-2025 நிகழ்வு தொடர்பான மற்ற உரிமைகள் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்றும் எழுதப்பட்டது. அதன் வரைவு முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, ஆட்சேபம் இல்லை என்ற பதில் வந்த பிறகே இருவரும் கையெழுத்திட்டார்கள். மேல்வீட்டுக்காரருக்கு இது கசப்பாக இருந்தது. பிறகு நிறுவனம் தன்னிடம் வந்து கேட்குமா என்று வெளிப்படையாகவே கேட்டார். கேட்கலாம், கேட்காமலும் விடலாம், அது அவர்களுடைய முடிவு என்று வீட்டுக்காரர் உள்ளதைச் சொன்னார். அந்தப் பதிலை மழுப்பாமல் சொன்னது சரி என்றே நினைக்கிறேன்.

சங்கம் குளியலறைச் சோதனையை நடத்தியது. தண்ணீர் நின்றபோது கீழே எதுவும் தெரியவில்லை. அடைப்பை எடுத்ததும் நீலச் சாயம் மேற்கூரையில் ட்ராப்புக்கு நேர் கீழே சொட்டாகத் தெரிந்தது. முழுத் தரையையும் பெயர்த்து நீர்த்தடுப்புப் பூச வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் சொல்லியிருந்த வேலை, ட்ராப்பைச் சுற்றி உடைத்து இணைப்பை மாற்றுவதோடு முடிந்தது. மேற்கூரையைப் பூசுவதற்கு முன் அது காயட்டும் என்று சில வாரங்கள் விட்டார்கள். ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் மீண்டும் உரியும், பழைய கசிவா புதிய கசிவா என்ற கேள்வியும் மீண்டும் எழும்.

சங்கம் பார்வையிட மறுத்திருந்தால், மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி கூட்டுறவு நீதிமன்றத்துக்குப் போகலாம். பழுதுபார்ப்பும் கசிவும் அந்த நீதிமன்றத்துக்குரிய விவகாரங்கள் என்று மாதிரித் துணை விதிகளே குறிப்பிடுகின்றன. காப்பீட்டு நிறுவனம் மறுத்திருந்தால், முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, அங்கும் தீராவிட்டால் அல்லது 30 நாட்களில் பதில் வராவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் கட்டணமில்லாமல் போகலாம். இந்த வழக்கில் இரண்டுக்கும் தேவை எழவில்லை. ஆனால் அங்கே போக நேர்ந்திருந்தாலும், முத்திரையிட்ட அந்த நகலும், 2.40 என்று எழுதிய பாரா புத்தகப் பக்கத்தின் சான்றிட்ட நகலும், இரு வீட்டாரும் கையெழுத்திட்ட சோதனைக் குறிப்பும்தான் முதலில் கேட்கப்படும் ஆவணங்களாக இருந்திருக்கும். அவை இப்போதும் அந்த வீட்டுக்காரரிடம் பாலிசியோடு சேர்த்துக் கோக்கப்பட்டிருக்கின்றன. நிறுவனம் மேல்வீட்டுக்காரரிடம் தொகையைக் கேட்கத் தீர்மானித்தால் அவை மீண்டும் தேவைப்படும்.